அணுகுண்டு பயம் போரைத் தடுக்குதா? பி-59 கப்பலில் ஒரு நாள்

1945-க்கு அப்புறம் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஏன் நேரடியா ஒரு பெரிய போர்ல மோதிக்கல? இதுக்கு எல்லாரும் சொல்ற பதில், "ரெண்டு பேர்கிட்டயும் அணுகுண்டு இருந்துச்சு, பயந்துட்டாங்க". இதுக்குப் பேர் அணு ஆயுதத் தடுப்புக் கோட்பாடு. அது எந்த அளவுக்குச் சரின்னு ஒரே ஒரு நாளை வச்சுப் பார்க்கப் போறோம். 1962, அக்டோபர் 27.

முதல்ல கோட்பாடு. 1946-லேயே பெர்னார்ட் பிராடி என்ற அமெரிக்க அறிஞர் ஒரு விஷயம் சொன்னார்: இதுவரை ராணுவத்தின் வேலை போரில் ஜெயிப்பது, இனிமேல் அதன் வேலை போரே வராமல் பார்த்துக்கொள்வது. இதுல முக்கியம், யார்கிட்ட எத்தனை குண்டு இருக்குங்கறது இல்ல. நான் முதல்ல அடிச்சாலும், அடி வாங்கினவன்கிட்ட மிச்சம் இருக்கற குண்டுகள் என் நகரங்களை அழிச்சிடும்னு எனக்குத் தெரியணும். இதைத்தான் இரண்டாம் தாக்குதல் திறன்னு சொல்றாங்க. அது ரெண்டு பக்கமும் இருந்தா, முதல்ல அடிக்கறதுல யாருக்கும் லாபம் இல்ல.

இப்போ 1962-க்கு வருவோம். கியூபாவுல சோவியத் ஏவுகணைகள் இருக்கறதை அமெரிக்க உளவு விமானம் படம் எடுத்துடுச்சு. அப்போ அமெரிக்காகிட்ட சுமார் 25,000 அணு ஆயுதங்கள். சோவியத்கிட்ட 3,000 சொச்சம்தான். கணக்குப்படி அமெரிக்கா அடிச்சிருக்கலாம். ஆனா தப்பிப் பிழைக்கற நாலஞ்சு குண்டு போதும், நாலஞ்சு அமெரிக்க நகரம் காலி. அதனால ஜனாதிபதி கென்னடி தயங்கினார். மாஸ்கோவில் குருஷேவும் தயங்கினார். 27-ஆம் தேதி கியூபா மேல பறந்த ஒரு யூ-2 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அதன் விமானி இறந்தபோதும், கென்னடி பதிலடி கொடுக்கல. மறுநாள் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுக்கறதா அறிவிச்சார். கோட்பாடு சொன்ன மாதிரியே நடந்துச்சு, இல்லையா?

இங்கதான் விமர்சகர்கள் கையைத் தூக்கறாங்க. அதே 27-ஆம் தேதி, கியூபாவுக்குப் பக்கத்துக் கடல்ல பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சுத்தி வளைச்சுது. மேல வரச்சொல்லி சிறிய வெடிகளைத் தண்ணிக்குள்ள போட்டாங்க. அது வெறும் சைகைதான்னு மாஸ்கோவுக்கு அறிவிச்சிருந்தாங்க, ஆனா அந்தத் தகவல் கப்பலுக்குப் போய்ச் சேரல. உள்ளே பேட்டரி தீர்ந்துக்கிட்டிருந்தது, தாங்க முடியாத சூடு, மாஸ்கோவோட தொடர்பு இல்ல. மேல போர் ஆரம்பிச்சிடுச்சோன்னு உள்ள இருந்தவங்களுக்கு சந்தேகம். அந்தக் கப்பல்ல ஒரு அணுகுண்டு டார்பிடோ இருந்தது. மேல இருந்த அமெரிக்கர்களுக்கு அது தெரியாது.

கப்பலில் இருந்த வாடிம் ஓர்லோவ் பல வருஷம் கழிச்சு சொன்னபடி, கேப்டன் சாவிட்ஸ்கி அந்த டார்பிடோவைத் தயார் பண்ணச் சொன்னார். அதே கப்பலில் இருந்த இன்னொரு உயர் அதிகாரி வாசிலி அர்கிபோவ் அவரை அமைதிப்படுத்தினார். கப்பல் மேலே வந்தது. இது நாற்பது வருஷம் கழிச்சுத்தான் உலகத்துக்குத் தெரிஞ்சுது.

இதைப் படிச்சப்ப எனக்கு ஒண்ணு உறைச்சுது. கென்னடி பயந்தார், குருஷேவ் பயந்தார், கோட்பாடு அவங்க ரெண்டு பேர்கிட்டயும் வேலை செஞ்சுது. ஆனா டார்பிடோ இருந்தது அவங்க கையில இல்ல. ஸ்காட் சேகன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞரின் வாதமே இதுதான்: அணு ஆயுதத்தைத் தலைவர்கள் நேரா கையாள்றதில்ல, ராணுவ அமைப்புகள் கையாளுது. அமைப்புகள்ல தகவல் தாமதமாகும், விதிகள் தவறும். அவரோட நீண்ட காலம் விவாதம் செய்த கென்னத் வால்ட்ஸ் இதை ஏத்துக்கல. அழிவு அவ்வளவு பெரிசு, அதனால எந்த நாடும் அணு ஆயுத விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையாத்தான் இருக்கும் என்பது அவர் பதில்.

இன்னொரு பக்கத்துல இருந்து ஜான் முல்லர் வர்றார். ரெண்டு உலகப் போர்ல அழிஞ்சவங்களுக்கு மூணாவது போர் வேண்டாம்னு சொல்ல அணுகுண்டே தேவையில்ல என்கிறார். இதைச் சோதிச்சுப் பார்க்க வழியில்ல, அணுகுண்டு இல்லாத இன்னொரு 1962 நம்மகிட்ட இல்ல.

அப்போ பாதுகாப்புச் செயலரா இருந்த ராபர்ட் மெக்னமாரா, கடைசி காலத்துல சொன்னது: நம்மைக் காப்பாத்தினது அதிர்ஷ்டம்தான். அடுத்த தடவை "அணுகுண்டு இருக்கறதால போர் வராது"ன்னு யாராவது சொன்னா, தலைவர்களைப் பத்தி மட்டும் யோசிக்காதீங்க. கடலுக்கு அடியில, தொடர்பு அறுந்து, வியர்வையில நனைஞ்சு நின்ன அந்த அதிகாரிகளையும் கணக்குல சேர்த்துக்கோங்க. அவங்க சரியா முடிவெடுக்கறதுக்கு அந்தக் கோட்பாடு எந்த உத்தரவாதமும் கொடுக்கல.