பல்லாவரத்துக் கருங்கல்லும் தளவிளைவு ஒளியும்

நாவலூரிலும் தாம்பரத்தைச் சூழ்ந்த பிற ஊர்களிலும் வீடு கட்டுவோர் ‘கருங்கல்’ என்னும் ஒரே சொல்லால் பலவகைக் கற்களையும் குறித்துவிடுவர். நிலவியலாருக்கு அச்சொல் போதாது. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கருங்கல்லுக்கு அவர்கள் இட்ட பெயர் சார்னோக்கைட் என்பதாகும். மகேந்திரவர்மப் பல்லவன் பல்லாவரத்தில் குடைவித்த குடைவரை இன்று தர்காவாக விளங்குவதை நம்மில் பலர் அறிவோம். அப்பகுதிக் கல்லிலே செதுக்கிய பலகையொன்று கல்கத்தா சென்று, கிழக்கிந்தியக் கும்பினியைச் சேர்ந்த ஜாப் சார்னோக்கின் கல்லறையை அணிசெய்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலந்து 1893இல் அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து எழுதினார். 1900இல் இவ்வகைப் பாறைகளைப் பற்றி விரிவான நூலும் வெளியிட்டார். கல்லறையில் உறங்குபவரின் பெயரே கல்லுக்கும் ஆயிற்று.

பெயர் சூட்டுவதற்குக் காரணமாய் அமைந்தது ஒரு கனிமம். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கலந்த பாறை உலகெங்கும் உண்டு. அவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் பைராக்சீன் வகைக் கனிமமும் கூடியிருந்தால்தான் அது சார்னோக்கைட். (இன்றைய கனிமவியலார் ஹைப்பர்ஸ்தீனைத் தனிக் கனிமப் பெயராகக் கொள்வதில்லை, பழகிய பெயர் என்பதால் நாம் அதையே ஆள்கிறோம்.) நீர் மிகக் குறைந்த, மிகு வெப்பமுடைய சூழலில், புவியோட்டின் ஆழத்தில் இக்கல் உருவாயிற்று என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ஆகைட் என்னும் மற்றொரு பைராக்சீனும் கையில் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே கருநிறத்தில்தான் தோன்றும். இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு?

கல்லின் சிறு சில்லொன்றை எடுத்து, ஒரு பக்கத்தைக் கார்போரண்டம் தூளால் சமமாகத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் பிசினால் ஒட்டி, மறுபக்கத்தையும் தேய்த்துக்கொண்டே வருவர். தடிப்பு 0.03 மில்லிமீட்டராகக் குறையும்போது கருங்கல்லினூடே ஒளி புகுந்து வரும். இம்மெல்லிய சீவலை நுண்ணோக்கியின் சுழல்மேடையில் வைப்பர். மேடைக்குக் கீழே தளவிளைவாக்கி, மேலே பகுப்பான். முன்னது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும். பின்னது அதற்குச் செங்குத்தான தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும். ஆகவே இடையில் ஏதுமில்லையெனில் பார்வைப்புலம் இருண்டு கிடக்கும்.

இடையே படிகம் வந்ததும் நிலைமை மாறுகிறது. புகுந்த ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்று விரைந்தும் மற்றொன்று பின்தங்கியும் செல்லும். பகுப்பானில் அவை மீண்டும் ஒரு தளத்தில் சேரும்போது, பின்தங்கிய அளவுக்கேற்பச் சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் எஞ்சும். இவையே குறுக்கீட்டு நிறங்கள். இவை கனிமத்தின் சொந்த நிறங்கள் அல்ல என்பதை மாணவர் முதலிலேயே மனத்திற் கொள்ளல் வேண்டும். நிறமே இல்லாத குவார்ட்ஸும் இங்கே ஒரு நிறம் காட்டும்.

பின்தங்கும் அளவு, கனிமத்தின் இரட்டை விலகல் எண்ணையும் சீவலின் தடிப்பையும் பெருக்கினால் வருவது. குவார்ட்ஸின் எண் ஏறத்தாழ 0.009. சரியான தடிப்பில் அதன் பின்னடைவு 270 நானோமீட்டர். சாம்பல் கலந்த வெண்மை தோன்றும். தடிப்பு 0.04 ஆக இருந்துவிட்டால் 360 ஆகி மஞ்சள் நிறம் காட்டும். அப்போது சீவலிலுள்ள எல்லாக் கனிமங்களின் நிறங்களும் மேலே நகர்ந்திருக்கும். எனவே நம் கல்லில் முதலில் தேட வேண்டியது குவார்ட்ஸையே. அது மஞ்சளாயிருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். கல்லுக்குள்ளேயே அளவுகோலும் இருப்பது வியப்பிற்குரியது.

குவார்ட்ஸ் வெண்மையாகிய பின் பைராக்சீன்களை நோக்கலாம். ஹைப்பர்ஸ்தீன் பெரும்பாலும் முதல் வரிசையின் மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களுக்குள் நின்றுவிடும். ஆகைட்டின் எண் ஏறத்தாழ 0.025 ஆதலால் பின்னடைவு 750ஐ எட்டி, இரண்டாம் வரிசையின் நீலமும் பச்சையும் தோன்றும். ஆயினும் நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லுதல் தகாது. ஆகைட் மணி சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் அதுவும் தாழ்ந்த நிறமே காட்டும்.

இங்குதான் அணைவுக்கோணம் துணைக்கு வருகிறது. மேடையை ஒரு முழுச்சுற்றுச் சுழற்றினால் ஒவ்வொரு மணியும் நான்கு முறை இருண்டு ஒளிரும். படிகத்தின் அதிர்வுத் திசை தளவிளைவாக்கியின் திசையோடு ஒன்றும்போது ஒளி பிரிவதில்லை. பகுப்பான் அதனை முற்றும் தடுத்துவிடும். அதுவே அணைவு. இனி ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மணியின் பிளவுக்கோடுகளைக் கண்வில்லையின் குறுக்கிழைக்கு இணையாக நிறுத்தும்போது மேடை 42 பாகை காட்டுகிறது என்க. அந்நிலையிலேயே மணி இருண்டிருந்தால் கோணம் சுழி. ஹைப்பர்ஸ்தீனின் இயல்பு அது. மற்றொரு மணி அந்நிலையில் ஒளிர்ந்து, 84இல்தான் இருள்கிறது என்றால் கோணம் 42 பாகை, அது ஆகைட்டாகலாம்.

ஒரே மணியைக் கொண்டு முடிவு செய்வோர் ஏமாறுவர். ஆகைட்டும் ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டுப்பட்டால் நேரணைவு காட்டும். ஹைப்பர்ஸ்தீனும் கோணலான வெட்டில் சற்றே சாய்ந்தணையும். ஆதலால் பல மணிகளை அளந்து, அவற்றுள் மிகப் பெரிய கோணத்தைக் கொள்ளுதல் வேண்டும். ஐயம் தீர்க்க இன்னுமொரு வழியுண்டு. பகுப்பானை எடுத்துவிட்டு மேடையைச் சுழற்றினால் ஹைப்பர்ஸ்தீன் வெளிர்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறும். ஆகைட்டில் அம்மாற்றம் அவ்வளவாக இராது.

ஃபெல்ஸ்பார்களை அடையாளம் காட்டுவது இரட்டைப் படிக அமைப்பு. மைக்ரோகிளினில் நெய்த துணியின் ஊடும் பாவும் போன்ற கட்டங்கள் தெரியும். பிளஜியோகிளேஸில் கருப்பும் வெளுப்புமாய் மாறிமாறி மெல்லிய வரிகள் வரும். சுழற்றினால் கருவரி வெளுக்கும், வெள்வரி கருக்கும். ஒரு சொல் இருபொருள் தரும் சிலேடையைப் போல ஒரு மணிக்குள் இரு நிலைப் படிகங்கள் அடுத்தடுத்துப் பொருந்தியிருப்பதே இதற்குக் காரணம்.

இவ்வரிகளைக் கொண்டே பிளஜியோகிளேஸில் சோடியம் மிகுதியா, கால்சியம் மிகுதியா என்று கணிக்கும் முறை பிரெஞ்சு அறிஞர் மிஷேல் லெவியின் பெயரால் வழங்குகிறது. வரிகள் குறுக்கிழைக்கு இணையாயிருக்கையில் இருவகை வரிகளும் ஒரே ஒளியோடு விளங்கும் மணியைத் தேர்க. இடப்புறம் சுழற்றி ஒருவகை இருளும் கோணத்தையும், வலப்புறம் சுழற்றி மற்றது இருளும் கோணத்தையும் குறிக்க. 17, 19 என வந்தால் சராசரி 18. இரண்டும் ஐந்து பாகைக்கு மேல் வேறுபட்டால் அம்மணியை விலக்குக. ஏழெட்டு மணிகளில் கிடைக்கும் மிகப் பெரிய சராசரியை வரைபடத்தில் பொருத்துக.

அப்பெரும் சராசரி 18 ஆயின், வரைபடம் இரண்டு விடைகளைத் தரும்: ஏறக்குறையத் தூய சோடியம் வகையான ஆல்பைட், அல்லது கால்சியப் பங்கு நூற்றுக்கு முப்பத்தைந்தளவுள்ள ஆண்டெசின். கோணத்தால் மட்டும் இவ்வழக்குத் தீராது. பக்கத்திலிருக்கும் குவார்ட்ஸே மீண்டும் சாட்சிக்கு வருகிறது. பகுப்பானை நீக்கி, ஒளியைக் குறுக்கி, நுண்ணோக்கியின் குழலைச் சற்றே உயர்த்தினால் இரு மணிகளின் எல்லையில் ஒரு வெண்கோடு நகரும். ஒளிவிலகல் எண் மிக்க பக்கம் அது செல்லும். கோடு தெளிவாகக் குவார்ட்ஸின் பக்கம் சென்றால் நம் மணி ஆல்பைட். எல்லையே மங்கி, கோடு எப்பக்கமும் உறுதியாகச் செல்லாது தயங்கினால் அது ஆண்டெசின்.