3,379-இல் 111: ஒரு விமானியின் பயோடேட்டாவைப் படிப்பது எப்படி?

விமானி வேலைக்கு வரும் பயோடேட்டாவில் பள்ளிப் படிப்பும் பொழுதுபோக்கும் கடைசிக்குப் போய்விடும். முதல் பக்கத்தின் மேல்பாதியில் நிற்பவை எண்களும் தேதிகளும்தான். மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார், எந்த ரக விமானத்தில் எவ்வளவு, என்ன உரிமம், மருத்துவச் சான்று எதுவரை செல்லும், கடைசியாகத் திறன் சோதனை எப்போது நடந்தது. தேர்வு செய்பவர் தேடுவது இவற்றைத்தான். இவற்றில் வெளியாட்களை அதிகம் ஏமாற்றக்கூடியது மொத்த மணி நேரம்.

2009 பிப்ரவரி 12 அன்று இரவு அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் விமானம், தரையிறங்கப் போகும் நேரத்தில் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் அந்த வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். கேப்டன் பறந்திருந்த மொத்த நேரம் 3,379 மணி. குறை சொல்ல முடியாத எண்தான். ஆனால் அன்று அவர் ஓட்டிய கியூ400 ரகத்தில் அவருக்கு இருந்த அனுபவம் 111 மணி. பக்கத்தில் இருந்த துணை விமானியின் மொத்த நேரம் 2,244 மணி, அதில் கியூ400-இல் மட்டும் 774. மொத்தத்தில் மூத்தவர் அந்த ரகத்தில் இளையவர். ரகவாரியாகப் பிரித்து எழுதிய பட்டியலில்தான் இது கண்ணில் படும்.

அதனால்தான் பயோடேட்டாவில் மணி நேரத்தை ஒரே வரியில் எழுதி முடிப்பதில்லை. நம் நாட்டில் புதிதாக வணிக விமானி உரிமம் பெற்ற ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இந்த உரிமத்துக்கு டிஜிசிஏ கேட்பது குறைந்தது 200 மணி நேரம். அதில் 100 மணி நேரமாவது பயிற்சியாளர் இல்லாமல் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். நம் விமானி செஸ்னா 172-இல் 180 மணி, இரட்டை எஞ்சின் கொண்ட டயமண்ட் டிஏ-42-இல் 25 மணி பறந்திருக்கிறார். மொத்தம் 205. இதையே வேறு விதமாகப் பிரித்தால், தானே பொறுப்பேற்று ஓட்டியது 110, பயிற்சியாளருடன் பறந்தது 95. இதுவும் 205 வர வேண்டும். இரண்டு கூட்டலும் ஒத்துப்போகாவிட்டால் தாள் அங்கேயே ஓரமாகிவிடும்.

புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. இரவில் பறந்த நேரம், ஊர் விட்டு ஊர் சென்ற நேரம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய நேரம் ஆகியவை தனித்தனி வரிகளாக வரும். ஆனால் அவை அதே 205-க்குள் அடங்கியவை, மேலே கூட்ட வேண்டியவை அல்ல. சிமுலேட்டரில் உட்கார்ந்த 20 மணி நேரம் விமானம் பறந்த நேரமே அல்ல என்பதால் அதற்குத் தனி வரி. அதையும் கூட்டி 225 என்று எழுதினால் பொய் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். நிமிடக் கணக்கிலும் கவனம் தேவை. 1 மணி 45 நிமிடம் என்பது தசமத்தில் 1.75. அதை 1.45 என்று எழுதி வந்தால் சில மாதங்களில் லாக்புக்குக்கும் பயோடேட்டாவுக்கும் நடுவே பல மணி நேரம் காணாமல் போயிருக்கும்.

உரிமப் பகுதியில் சாதாரண வாசகருக்கு வியப்பூட்டும் ஒன்று உண்டு. இந்தியாவில் வணிக விமானி உரிம அட்டை இப்போது பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அட்டை கையில் இருப்பதாலேயே பறந்துவிட முடியாது. மேகத்துக்குள் கருவிகளை நம்பி ஓட்டுவதற்கான தகுதியைத் தனியே சோதனை தந்து புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். ஏர்பஸ் ஏ320 ஓட்ட அந்த ரகத்துக்கான டைப் ரேட்டிங் உரிமத்தில் ஏறியிருக்க வேண்டும். எனவே 'உரிமம் உண்டு' என்று எழுதுவது போதாது, ஒவ்வொரு தகுதிக்கும் எதிரில் அது முடியும் தேதி வேண்டும்.

மருத்துவச் சான்றும் இப்படித்தான். பயிற்சி மாணவருக்கு இரண்டாம் வகுப்புச் சான்று போதும். சம்பளத்துக்குப் பறக்க முதல் வகுப்பு வேண்டும். சர்வதேச நெறிப்படி அது பொதுவாக 12 மாதம் செல்லும், விமான நிறுவனங்களில் பறப்பவர் 60 வயதைக் கடந்துவிட்டால் 6 மாதம்தான். பயோடேட்டாவில் வகுப்பு, பரிசோதனை நடந்த தேதி, முடியும் தேதி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பார்வைக் கண்ணாடி அணிந்தே ஓட்ட வேண்டும் என்று சான்றில் குறித்திருந்தால் அதையும் சேர்க்கலாம். நோய் வரலாற்றை எழுத வேண்டியதில்லை.

பஃபலோ விபத்து உண்மையில் விரலை நீட்டியது கடைசிப் பகுதியை நோக்கி, அதாவது சோதனைகளின் பக்கம். பயணிகள் விமானம் ஓட்டுபவர் ஆண்டுக்கு இருமுறை தன் திறனைக் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் சிமுலேட்டரில்தான். ஓடுபாதையில் வேகம் பிடித்து மேலெழும் நொடியில் ஓர் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். ஒற்றை எஞ்சினோடு தரையிறங்க வந்து, கடைசி நேரத்தில் மீண்டும் மேலே ஏறச் சொல்வார்கள். அந்தப் பதற்றத்தில் கை எதைச் செய்கிறது என்பதைச் சோதகர் பார்த்துக்கொண்டிருப்பார்.

கோல்கன் கேப்டனின் கை தவறானதைச் செய்தது. வேகம் குறைந்து, இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கப் போகின்றன என்று கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தது. மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்ட வேண்டிய நேரத்தில் அவர் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். விபத்துக்கு முதன்மைக் காரணமாகப் புலனாய்வு வாரியம் சொன்னது இதைத்தான். அவருடைய பழைய பதிவுகளைப் புரட்டியபோது இன்னொன்றும் வெளிவந்தது. வேலையில் சேரும் முன்பே அவர் மூன்று உரிமச் சோதனைகளில் முதல் முயற்சியில் தோற்றிருந்தார். விண்ணப்பத்தில் ஒன்றை மட்டுமே எழுதியிருந்தார். சேர்ந்த பிறகும் சோதனைகளில் தடுமாறியிருக்கிறார். ஒரு தோல்வி எவருக்கும் நேரும். மூன்று, நான்கு என்று தொடர்வது வேறு செய்தி. அந்தச் செய்தி வேலை கொடுத்தவரின் மேசைக்கு முழுதாக வந்து சேரவில்லை.

இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடியதில் 2010-இல் அங்கே புதிய சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் கட்டாயமானது. மணி நேரத்தைக் கூட்டியது நேரான மருந்தா என்று எனக்கு இன்னும் ஐயம் உண்டு, ஏனென்றால் அந்த இரவில் இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள். அதே சட்டம் கேட்ட இன்னொன்றுதான் காயத்தைத் தொட்டது. ஒரு விமானியின் சோதனை முடிவுகளை, தோல்விகள் உட்பட, அரசே ஒரு தரவுதளத்தில் வைத்திருக்க வேண்டும், வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்பது அது.

அதனால் சோதனைப் பகுதியை எழுதுகிறவர் அண்மைய சோதனைக்கு ஒரு முழு வரி ஒதுக்குவது நல்லது. எந்த ரகம், எந்தத் தேதி, சிமுலேட்டரிலா விமானத்திலா, முடிவு என்ன, அடுத்தது எப்போது என்று. பழைய தோல்வியைப் பற்றி விண்ணப்பப் படிவம் கேட்டால் அதற்கும் அதே அளவு இடம் தர வேண்டும். 'இரட்டை எஞ்சின் சோதனை, ஒற்றை எஞ்சின் தரையிறக்கத்தில் தேறவில்லை, மூன்று மணி நேர மறுபயிற்சி, பத்து நாள் கழித்துத் தேர்ச்சி' என்ற ஒரு வரி போதும். தேர்வுக் குழு அதைப் பற்றி நிச்சயம் கேட்கும். மறுபயிற்சியில் எதைத் திருத்திக்கொண்டார் என்று அவர் தயங்காமல் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் அப்போது கவனிப்பார்கள்.