240 அடி வேலிக்குள் எவ்வளவு நிலம்?

கையில் 240 அடி கம்பிவலை இருக்கிறது. காய்கறித் தோட்டத்தைச் சுற்றிச் செவ்வகமாக வேலி போட வேண்டும். 90 அடிக்கு 30 அடி என்று அடைத்தால் உள்ளே 2,700 சதுர அடி வரும். அதே வலையை 70க்கு 50 என்று கட்டினால் 3,500. வலை ஓர் அடிகூடக் கூடவில்லை. நிலம் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு சென்ட் கூடிவிட்டது.

இன்னும் எவ்வளவு கூட்டலாம்? பள்ளியில் படித்த வர்க்கப் பூர்த்தி முறை இதற்குப் பதில் சொல்லும். சுற்றளவு 240 என்பதால் நீளமும் அகலமும் சேர்ந்து 120. ஒரு பக்கம் x என்றால் அடுத்தது 120 − x. பரப்பு 120x − x². 120இல் பாதி 60, அதன் வர்க்கம் 3,600. அதைக் கூட்டிக் கழித்து எழுதினால்,

பரப்பு = 3600 − (x − 60)²

எந்த எண்ணின் வர்க்கமும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே 3,600இலிருந்து ஏதாவது கழியுமே தவிர, அதற்கு மேல் ஏறாது. x = 60 ஆகும்போது மட்டும் எதுவும் கழியாது. அப்போது தோட்டம் சதுரம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இழப்பையும் அதே வரி சொல்லிவிடுவதுதான். 60இலிருந்து 30 அடி விலகினால் 900 சதுர அடி போகும். 10 அடி விலகினால் 100. 2 அடி என்றால் வெறும் 4. மூலைக்கல் நடும் இடத்தில் பாறை தட்டினால் இரண்டடி தள்ளி நடலாம், கவலையில்லை.

ஒரு பக்கம் ஏற்கெனவே மதில் இருந்தால் கணக்கு மாறும். வலை மூன்று பக்கத்துக்குத்தான். பழக்கத்தில் பலரும் 80க்கு 80 என்று சதுரமாகவே அடைப்பார்கள், 6,400 கிடைக்கும். மதிலிலிருந்து வெளியே வரும் பக்கம் x என்றால் மதிலுக்கு எதிர்ப்பக்கம் 240 − 2x. பரப்பு 240x − 2x², அதாவது −2(x² − 120x). மாணவர்கள் இடறுவது இங்கேதான். அடைப்புக்குள் சேர்க்கும் 3,600, வெளியே உள்ள 2ஆல் பெருகி 7,200 ஆகிறது:

பரப்பு = 7200 − 2(x − 60)²

பெருக்க மறந்தால் உச்சம் 3,600 என்று வரும். சதுரமே 6,400 தரும்போது உச்சம் அதற்குக் கீழே இருக்க முடியாது. தவறு அங்கேயே தெரிந்துவிடும். சரியான விடை 60க்கு 120.

ஆனால் மதிலின் நீளம் 100 அடிதான் என்றால்? அதைத் தாண்டி நீட்டினால் அந்தப் பக்கத்துக்கும் வலை செலவாகும், பரப்பு குறையும். எனவே 100க்கு 70 என்று நிறுத்த வேண்டும்: 7,000 சதுர அடி. வலைக்குப் பணம் கொடுக்கும் முன் மதிலை ஒருமுறை அளந்துவிடுங்கள்.