உப்பு வெண்ணெயா, உப்பில்லாததா?

கடையில் கைக்குக் கிடைத்த வெண்ணெயை வாங்கி வந்து கேக் செய்கிறோம். வாயில் வைத்தால் இனிப்பை மீறி ஒரு கரிப்பு. அளவெல்லாம் சரியாகத்தானே போட்டோம்?

கோளாறு வெண்ணெயில் இருக்கிறது. உப்பு வெண்ணெயில் எவ்வளவு உப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 250 கிராமில் 5 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு. கேக்கில் மாவும் முட்டையும் அதை ஓரளவு மறைத்துவிடும். வெண்ணெயும் சர்க்கரையும் மட்டுமே உள்ள க்ரீமில் மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் பேக்கரிக்காரர்கள் உப்பில்லாததை வாங்கி, உப்பைத் தனியே அளந்து போடுகிறார்கள்.

வீட்டில் உப்பு வெண்ணெய்தான் உள்ளதா? செய்முறையில் சொன்ன உப்பை விட்டுவிடலாம். ரொட்டியில் தடவ அதுவே ருசி. உப்பு இருப்பதால் சீக்கிரம் கெடாது. உப்பில்லாததை ஃப்ரீசரில் வைப்பது நல்லது.

விலை குறைவு என்று மார்ஜரினை எடுப்பவர்களும் உண்டு. வெண்ணெய் என்பது பால் கொழுப்பு. மார்ஜரினோ எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து கெட்டியாக்கியது. பாலின் மணம் அதில் வராது. 1869இல் பிரான்சில் முதலில் அதைச் செய்தது மாட்டுக் கொழுப்பில்! இன்று பெரும்பாலும் தாவர எண்ணெய்தான். ஆனால் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமலிருக்கச் சேர்க்கும் இ471 என்ற பொருள் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. உறையில் ஹலால் முத்திரையோ சைவத்துக்கான பச்சைக் குறியோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குவோம்.