இணையம் எட்டாத பள்ளிக்கு ஒரு விக்கிப்பீடியா பிரதி

குவாலா சிலாங்கூர் தோட்டப்புறங்களில் இணையம் இல்லாத தமிழ்ப்பள்ளியிலும் மாணவர்கள் விக்கிப்பீடியாவை முழுமையாகப் படிக்க முடியும். அதைச் செய்து தருவதாகச் சொல்லி யாராவது ஆண்டுச் சந்தாவோ 'உரிமக் கட்டணமோ' கேட்டால், பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் கொடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர்களின் பெயரையும் மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, மாற்றி எழுதினால் அதையும் அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும். யாரிடமும் அனுமதி கேட்காமல் நகலெடுக்கலாம், அச்சிடலாம், பகிரலாம். கருவிக்கும் உழைப்புக்கும் பணம் கேட்பது நியாயம்தான், எழுத்துக்குக் கேட்பது நியாயமில்லை. படங்களுக்குத் தனித்தனி உரிமம் உண்டு என்பதால், பள்ளி மலரில் படத்தை அச்சிடும்போது மட்டும் அதன் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பயன்படும் செயலி கிவிக்ஸ். 2007இல் தொடங்கிய இலவசத் திட்டம் அது. முழு விக்கிப்பீடியாவையும் `.zim` என்று முடியும் ஒரே கோப்பாகச் சுருக்கித் தருகிறது. புஞ்சாக் ஆலாமில் நல்ல இணைப்பு உள்ள ஒருவர் வீட்டில் அந்தக் கோப்பை இறக்கி, விரலியில் பள்ளிக்குக் கொண்டுபோய்விடலாம். `download.kiwix.org` தளத்தில் பெரும்பாலான மொழிகளுக்கு மூன்று வகை இருக்கும். `maxi` என்பது படங்களோடு முழுமையானது, `nopic` படமில்லாதது, `mini` அறிமுகப் பகுதியை மட்டும் தருவது. படங்களுடன் கூடிய ஆங்கிலக் கோப்பு 100 ஜிபியைத் தாண்டும். தொடக்கப்பள்ளிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. தமிழ், மலாய், எளிய ஆங்கிலம் ஆகிய மூன்றின் `maxi` கோப்புகளும் அதைவிட மிகச் சிறியவை, வகுப்பறைக்கு அவையே பொருத்தம்.

கோப்பை விரலிக்கு மாற்றும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விரலி FAT32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. இடம் நிறைய இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று வந்தால் காரணம் இதுதான். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, exFAT வடிவுக்கு மாற்றினால் சரியாகிவிடும். இறக்கம் பாதியில் அறுந்த கோப்பு இன்னும் மோசமானது. சில கட்டுரைகள் திறக்கும், சில திறக்காது, பழி செயலியின் மேல் விழும். விண்டோஸ் கணினியில், கோப்பு இருக்கும் கோப்புறையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, YYYY-MM இடத்தில் கோப்பின் ஆண்டையும் மாதத்தையும் இட்டு, இப்படிச் சோதிக்கலாம்:

```
certutil -hashfile wikipedia_ta_all_maxi_YYYY-MM.zim SHA256
```

கோப்பின் முகவரிக்குப் பின்னால் `.sha256` என்று சேர்த்துத் திறந்தால் தளம் காட்டும் நீண்ட எண்ணும், இந்தக் கட்டளை தரும் எண்ணும் ஓரெழுத்து பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் மறுபடி இறக்குங்கள்.

பள்ளியில் ஒரு மடிக்கணினியில் கிவிக்ஸை நிறுவி, அதிலுள்ள உள்ளூர் சேவையகத்தை இயக்கினால், அதே வைஃபையில் இருக்கும் பலகைக் கணினிகள் உலாவியிலேயே படிக்கலாம். ரவுட்டருக்கு இணைய இணைப்பு வேண்டியதில்லை. பக்கம் திறக்கவில்லையென்றால் முதலில் மடிக்கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள். இணையம் இல்லை என்று கருவி எச்சரித்தால், இணைப்பைத் துண்டிக்காமல் தொடரச் சொல்லுங்கள்.

பிரதியின் பெரிய ஆபத்து அது இறக்கப்பட்ட நாளோடு நின்றுவிடுவதுதான். 2022 அக்டோபர் கோப்பு ஒன்றை வைத்திருக்கும் பள்ளியை எண்ணிப் பாருங்கள். அதில் பிரதமர் இஸ்மாயில் சப்ரி, மாமன்னர் சுல்தான் அப்துல்லா. அன்வார் இப்ராஹிம் 2022 நவம்பர் 24இல் பதவியேற்றதும், சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரி 31இல் அரியணை ஏறியதும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இருக்கின்றன. அதைக் கணினித் திரையருகே பெரிதாக எழுதி ஒட்டுவது ஆசிரியரின் கடமை.

புதுப்பிக்க, மாறிய பகுதியை மட்டும் சேர்க்க முடியாது, முழுக் கோப்பையும் புதிதாக இறக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, பள்ளி விடுமுறையில் செய்தால் போதும். புதியதைச் சோதித்து, மாமன்னர் பக்கத்தையும் ஒரு தமிழ்ச் சொல் தேடலையும் பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். பெட்டியாக விற்பவரிடம் வாங்குவதென்றால், 'கோப்பை நாங்களே மாற்றிக்கொள்ள முடியுமா?' என்ற கேள்வியை எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

முழு விக்கிப்பீடியாவில் சிறுவருக்கு ஏற்காத பக்கங்களும் உண்டு. பள்ளிகளுக்கென எஸ்.ஓ.எஸ். சில்ட்ரன் அமைப்பு தேர்ந்தெடுத்த ஆங்கிலத் தொகுப்பு பாதுகாப்பானதுதான், ஆனால் அது 2013ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுவிட்டது. ஆகவே கணினியைப் பலர் பார்க்கும் இடத்தில் வைத்து, ஆசிரியர் உடனிருப்பதே இங்கு உதவும்.

பிள்ளைகள் தவறு ஒன்றைக் கண்டுபிடித்தால் ஒரு நோட்டில் கட்டுரைப் பெயரோடு குறித்து வைக்கட்டும். புதுக் கோப்பு இறக்கும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பே, இணையம் உள்ள யாராவது ஒருவர் விக்கிப்பீடியாவில் 'தொகு' என்பதை அழுத்தி, ஆதாரத்தோடு அதைத் திருத்தலாம். மற்றவர்கள் அதை ஏற்றுக்கொண்டால், அடுத்து வெளியாகும் கோப்பில் அந்தத் திருத்தம் பள்ளிக்கே வந்து சேரும்.