சம்பளம் கூடியது, கையில் ஏன் வரவில்லை?

‘சார், ரெண்டாயிரம் ஏத்தியிருக்கீங்க. ஆனா ஜூலையைவிட 591 ரூபாதான் கூட வந்திருக்கு. 21,000 தாண்டினா இ.எஸ்.ஐ. கிடையாதுன்னு சொல்றாங்க, எனக்கு ஏன் பிடிக்கிறீங்க?’

சென்னையில் ஒரு பட்டறைத் தொழிலாளி, 2024 செப்டம்பர் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவிலிருந்து வழக்கமாகப் போகும் பதில் ஒற்றை வரிதான்: ‘பிடித்தங்கள் யாவும் சட்டப்படியே செய்யப்பட்டுள்ளன.’ அது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது சட்டத்தைப் பற்றி இல்லை, 1,409 ரூபாய் எங்கே போனது என்று. அதற்கு அந்த வரியில் பதில் இல்லாததால் அவர் நாளைக்கும் கேட்பார், கொஞ்சம் சூடாக.

நல்ல பதில் எழுத முதலில் ஜூலைச் சீட்டையும் செப்டம்பர் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மொத்தச் சம்பளம் ஆகஸ்டில் 20,500-லிருந்து 22,500 ஆனது. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000-லிருந்து 13,200 ஆனது. பி.எஃப். இந்தத் தொகைக்கு 12 சதவீதம். ஆகவே 1,440 என்பது 1,584 ஆகி, 144 ரூபாய் கூடிவிட்டது. இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம். பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றிவிடுவார்கள். 154 இருந்தது 169 ஆனது, 15 ரூபாய் கூடுதல். மீதி 1,250 ரூபாய் தொழில் வரி.

மனிதரைக் கலங்கடித்தது இந்த 1,250தான். சம்பளம் கூடிய சமயத்தில் வந்து நிற்பதால், உயர்வைப் பிடுங்கிக்கொண்டது போலத் தெரிகிறது. உண்மையில் உயர்வுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தொழில் வரி மாநகராட்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போவது. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250. பழைய சம்பளத்திலேயே அவர் அதைத் தாண்டியிருந்தார். மார்ச் சீட்டிலும் இதே தொகை இருக்கிறது. அந்த மார்ச் சீட்டின் நகலைப் பதிலோடு இணைத்தால் சந்தேகத்தில் பாதி அங்கேயே தீரும்.

இ.எஸ்.ஐ. பற்றி அவர் கேள்விப்பட்டது பாதி சரி. வரம்பு 21,000தான். ஆனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்தப் பருவம் முடியும்வரை சந்தா கட்டியாக வேண்டும். கட்டியது வீணும் இல்லை. ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இதைச் சொல்லாமல் விட்டால் 169 ரூபாய் வெறும் இழப்பாகவே அவருக்குத் தெரியும்.

திருத்தி எழுதிய பதில் இது:

‘வணக்கம். நீங்கள் சொன்ன 591 ரூபாய் கணக்கு சரி. 2,000 உயர்வில் பி.எஃப். 144, இ.எஸ்.ஐ. 15, தொழில் வரி 1,250 போக மீதி அது. பி.எஃப். தொகை உங்கள் கணக்கிலேயே சேர்கிறது; பாஸ்புக்கில் பார்க்கலாம். தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவது. மார்ச் மாதமும் இதே தொகை பிடித்தோம், அந்தச் சீட்டை இணைத்திருக்கிறேன். 21,000 தாண்டினால் இ.எஸ்.ஐ. நிற்கும் என்பது சரிதான். ஆனால் பருவம் முடிகிற செப்டம்பர் வரை பிடிக்க வேண்டும் என்பது விதி. அக்டோபரிலிருந்து நின்றுவிடும். அந்த மாதம் முழு நாள் வேலை செய்தால் கைக்கு 20,916 ரூபாய் வரும். புரியாத இடம் இருந்தால் நேரில் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.’

அவர் சொன்ன எண்ணை ஒப்புக்கொண்டு தொடங்குவதுதான் இந்தப் பதிலின் பலம். தன் கணக்கைத் தப்பென்று சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பவருக்கு மேலே படிக்க மனம் வரும். சட்டப் பிரிவு எண்கள் எதுவும் இதில் இல்லை, கேட்டால் தரலாம்.

‘அவனுக்கு மட்டும் இ.எஸ்.ஐ. பிடிக்கலையே’ என்று அடுத்து ஒரு கேள்வி வரும். அந்தச் சக தொழிலாளி 22,000 சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம்; அப்படியென்றால் அவர் இ.எஸ்.ஐ.க்குள் வரவே இல்லை. ஆனால் ஒருவர் சம்பளத்தை இன்னொருவருக்கு எழுதக் கூடாது. ‘சேரும்போதே வரம்பைத் தாண்டியவர்களுக்குப் பிடித்தம் இல்லை’ என்று பொது விதியை மட்டும் சொன்னால் போதும்.

இவ்வளவும், கணக்கைச் சரிபார்த்த பிறகு எழுத வேண்டியது. அக்டோபர் சீட்டிலும் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் தவறு அலுவலகத்துடையது. அப்போது பதில் இன்னும் சிறியதாக இருக்க வேண்டும்: எவ்வளவு தவறாகப் பிடித்தோம், எந்தத் தேதியில் திருப்பித் தருவோம்.