படித்தால்தான் கடிகாரம் ஓடும்

டிஸ்கோ எலிசியம் என்ற கணினி விளையாட்டில் ஒரு விநோதமான கடிகாரம் இருக்கிறது. நாயகனைத் தெருத்தெருவாக நடக்க வைக்கலாம். கடற்கரையில் சும்மா நிறுத்திவிட்டு நாம் போய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம். மணி நகராது. யாரிடமாவது பேச்சுக் கொடுத்து, திரையின் வலது ஓரத்தில் புதிய வரிகள் வரத் தொடங்கினால்தான் நிமிடங்கள் கூடும். வேகமாகப் பொத்தானை அழுத்தத் தெரியாதவர்களுக்கும், துப்பாக்கி விளையாட்டுகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர்களுக்கும் இதைவிடக் கருணையான ஏற்பாடு இருக்க முடியாது.

2019 அக்டோபரில் வெளியான இந்த விளையாட்டில் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் சொற்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. பக்கம் பக்கமாக எழுதிக் குவித்து, சண்டைக்கும் சண்டைக்கும் நடுவே செருகிவைத்த விளையாட்டுகள் ஏராளம். அவற்றில் எழுத்தைத் தாண்டிக் குதித்துப் போனாலும் ஆட்டம் கெடாது. இங்கே எழுத்தை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. சண்டைக்கென்று தனி ஏற்பாடு கிடையாது. துப்பாக்கி வெடிக்கும் ஒரு கட்டம்கூட உரையாடலாகவே நடக்கிறது.

இதை உருவாக்கியது எஸ்தோனியாவில் தொடங்கிய ஸா/உம் நிறுவனம். தலைமை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ். நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடும் ஆட்டத்துக்காக அவரும் கூட்டாளிகளும் பல வருடங்களாக ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த உலகத்தில் நடக்கும் நாவல் ஒன்றை 2013-இல் எஸ்தோனிய மொழியில் வெளியிட்டார் குர்விட்ஸ். அது பெரிதாக விற்கவில்லை. எஸ்தோனிய எழுத்தாளர் காவுர் கெண்டர் தந்த ஊக்கத்தில், அதே உலகம் கணினிக்கு மாறியது. நாவலாசிரியர்கள் கூடிச் செய்த விளையாட்டு என்பது அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

கதை எளிமையாகத் தொடங்குகிறது. ரெவஷோல் என்ற நகரத்தின் துறைமுகப் பகுதியான மார்ட்டினேஸில், மலிவான விடுதி அறை ஒன்றில் ஒருவன் கண் விழிக்கிறான். அளவுக்கு மீறிக் குடித்ததில் எல்லாம் மறந்துபோயிருக்கிறது. தன் பெயர், தொழில், நாட்டில் ஓடும் காசு எதுவும் நினைவில் இல்லை. கீழே இறங்கி வந்தால், அவன் ஒரு துப்பறியும் அதிகாரி என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். விடுதியின் பின்புறம் மரத்தில் ஒரு பிணம் ஏழு நாளாகத் தொங்குகிறது. அதை விசாரிக்கத்தான் அவன் வந்திருக்கிறான். துணைக்கு வேறொரு காவல் நிலையத்திலிருந்து வந்த கிம் கிட்சுராகி நிற்கிறார். நிதானமான, குறிப்பேடும் கையுமான மனிதர்.

மறதி என்பது பழைய உத்திதான். இங்கே அது வீணாகவில்லை. இந்த உலகத்தைப் பற்றி நமக்கும் ஒன்றும் தெரியாது, நாயகனுக்கும் தெரியாது. அதனால் நாம் கேட்கும் முட்டாள்தனமான கேள்விகளை அவனே வாய்விட்டுக் கேட்கலாம். எதிரே இருப்பவர் முகம் சுளிப்பதும் கதையிலேயே சேர்ந்துவிடுகிறது.

உலகத்தின் வரலாறு நம் மேல் மொத்தமாகக் கொட்டப்படுவதில்லை. மார்ட்டினேஸில் குண்டு விழுந்த பள்ளம் ஒன்றின் அருகே இரண்டு கிழவர்கள் இரும்புப் பந்து உருட்டி விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் பழைய அரச படையின் உடுப்பைப் போட்டிருப்பார். ஏன் இந்த உடுப்பு என்று கேட்டால், அரை நூற்றாண்டுக்கு முன் இந்த நகரத்தில் நடந்த புரட்சியும், அது அடக்கப்பட்ட விதமும், இன்று வெளிநாடுகளின் கூட்டணி ஒன்று நகரத்தைக் கையில் வைத்திருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். கேட்காமல் போனால் அவர்கள் வெறும் இரண்டு கிழவர்கள். படகில் வந்திறங்கிய நிறுவனப் பிரதிநிதி ஜாய்ஸ் மெஸ்ஸியேயிடம் பேசினால், நிலப்பரப்புகளுக்கு இடையே பொருளும் அளவும் அர்த்தம் இழந்துபோகும் ஒரு சாம்பல்வெளி இருப்பது தெரியவரும். கொலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பொறுமை இழப்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சுக்காகவே இரண்டாம் முறை விளையாடுகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

இனி இதன் உண்மையான புதுமைக்கு வருவோம். ஆட்டத்தின் தொடக்கத்தில் அறிவு, மனம், உடல், கைத்திறன் என்ற நான்கு குணங்களுக்கிடையே 12 புள்ளிகளைப் பிரித்துத் தர வேண்டும். ஒவ்வொரு குணத்துக்கும் கீழே ஆறு திறன்கள், மொத்தம் 24. மற்ற விளையாட்டுகளில் திறன் என்பது வெறும் எண். இங்கே ஒவ்வொரு திறனும் நாயகனின் தலைக்குள் பேசும் ஒரு குரல். நீங்கள் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போதே தர்க்கம் குறுக்கிட்டு, இவர் சொல்வது முன்பு சொன்னதோடு முரண்படுகிறது என்னும். பரிவு, இவள் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று சுட்டிக்காட்டும். கலைக்களஞ்சியம் என்ற குரல், யாருக்கும் உபயோகமில்லாத தகவலைப் பெருமையோடு எடுத்துவிடும். போதைக்கென்றே ஒரு குரல் இருக்கிறது. அது எப்போதும் குடிக்கச் சொல்லும். நகரமே காற்றில் பேசுவதுபோல் ஒலிக்கும் குரலும் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் ஆட்டத்தின் மிகச் சிறந்த உரைநடை அதற்குத்தான் வாய்த்திருக்கிறது.

இந்தக் குறுக்கீடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பகடை கிடையாது. ஒரு திறன் போதிய அளவு இருந்தால் அந்த வரி திரையில் வரும், இல்லாவிட்டால் வராது. வராமல் போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆக, முதல் ஐந்து நிமிடத்தில் 12 புள்ளிகளைப் பிரிக்கும்போதே எந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுகிறோம். அறிவுக்கு அள்ளிக்கொடுத்தவரும் உடலுக்கு அள்ளிக்கொடுத்தவரும் ஒரே சாட்சியை விசாரித்தாலும், அவர்கள் படித்த பக்கங்கள் வேறு.

குரல்களை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அவை பொய் சொல்லும், தப்புக் கணக்குப் போடும், தம் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு திறனை அளவுக்கு மீறி வளர்த்தால் அது ஓயாமல் பேசும். அதிகாரக் குரல் ஓங்கியவன், மரியாதை கிடைக்கவில்லை என்று தெரிவில் போகிறவரிடமெல்லாம் சண்டை இழுப்பான். எந்தக் குரலை எந்த இடத்தில் புறக்கணிப்பது என்று கண்டுகொள்வதுதான் இங்கே திறமை. நம்பத்தகாத கதைசொல்லிகளோடு பழகிய வாசகருக்கு இது புதிதில்லை.

பகடை உருளும் இடங்களும் இருக்கின்றன. ஒரு சாட்சி எதையோ மறைக்கிறார், அதை வரவழைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடினம் 12. உங்கள் திறன் 4. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 42 சதவீதம் என்று திரையே சொல்லிவிடும். உருட்டித் தோற்றால் அந்தக் கேள்வி பூட்டிக்கொள்ளும். பிறகு சேர்த்த அனுபவத்தில் திறனை 5 ஆக்கினால் பூட்டுத் திறக்கும், இப்போது 7 விழுந்தால் போதும், வாய்ப்பு 58 சதவீதம். இடையில் வேறொருவரிடம் பேசி அந்தச் சாட்சியைப் பற்றி ஒரு தகவல் தெரிந்துகொண்டிருந்தால் இன்னொரு புள்ளி சேரும். வாய்ப்பு 72 சதவீதமாகிவிடும். எதனால் இந்தப் புள்ளி வந்தது என்பதும் ஒரு வரியில் எழுதியிருக்கும். கூடுதலாகப் படித்தவருக்குப் பகடை சாயும்படி கணக்குப் போட்டிருக்கிறார்கள். இது வெள்ளை நிறத்தில் குறிக்கப்பட்ட சோதனை. சிவப்பு நிறத்தில் வருவதற்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் தோல்விதான். இரண்டிலும் ஆறு விழுந்தால் எப்படிப்பட்டவருக்கும் வெற்றி.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. தோற்றவுடன் முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப்போய், ஜெயிக்கும்வரை உருட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்த விளையாட்டில் தோல்விக்கும் முழுக் காட்சி எழுதியிருக்கிறார்கள். பல இடங்களில் வெற்றியைவிடத் தோல்விதான் சிரிப்பும் வலியுமாக நன்றாக இருக்கும். உடலுக்கு மிகக் குறைவாகப் புள்ளி தந்தவர், முதல் அறையில் மின்விசிறியில் மாட்டியிருக்கும் தன் கழுத்துப்பட்டையை எட்டிப் பறிக்கப் போய் மாரடைப்பில் செத்துப்போகவும் கூடும். அப்படி ஆட்டமே முடிந்துபோனால் தவிர, திரும்பிப் போகாமல் இருப்பது நல்லது.

இன்னொரு தவறு, ஒருவரிடம் கேட்க இருக்கும் அத்தனை கேள்விகளையும் கடமைபோல் கேட்டு முடிப்பது. கவனம் வழுக்கி, கண் மட்டும் வரிகளில் ஓடத் தொடங்கினால் எழுந்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் அதே இடத்தில்தான் இருப்பார்கள், மறுநாள் வந்து மிச்சத்தைக் கேட்கலாம்.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. தமிழில் கிடையாது. ஆங்கிலமும் சுலபமானதல்ல: கற்பனை நாட்டின் கலைச்சொற்கள், பிரெஞ்சு வாடை அடிக்கும் பெயர்கள், அரசியல் கோட்பாட்டுக் கிண்டல்கள் என்று கலந்துவரும். முதல் இரண்டு மணி நேரம் பாதிதான் புரியும். குடி, போதை, கெட்ட வார்த்தை, இனவெறிப் பேச்சு எல்லாம் மறைவில்லாமல் வருவதால் குழந்தைகளுக்கு ஆகாது. நிதானமாகப் படித்தால் முடிக்க முப்பது மணி நேரம் பிடிக்கலாம். 2021-இல் வந்த ‘ஃபைனல் கட்’ பதிப்பில் எல்லா வரிகளுக்கும் குரல் கொடுத்திருக்கிறார்கள். தலைக்குள் கேட்கும் குரல்களுக்கு லென்வல் பிரவுன் பேசியிருப்பது பிரமாதம். ஆனாலும், நாம் படிக்கும் வேகம் பேச்சைவிடக் கூடுதல். அவர் முடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். குரலைக் குறைக்க அமைப்புகளில் வழி இருக்கிறது.

குர்விட்ஸும் முக்கியமான சில எழுத்தாளர்களும் 2021-இன் இறுதியில் நிறுவனத்தை விட்டுப் பிரிந்தார்கள், வழக்குகளும் தொடர்ந்தன. ஆகவே அதே கைகளிலிருந்து அடுத்த பாகம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

இதன் மூதாதை என்று 1999-இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டைச் சொல்லலாம். சாக முடியாத, நினைவிழந்த ஒருவனின் கதை. அதில் சண்டை உண்டு, அது சுமார்தான். ஆனால் அறிவுக்கும் ஞானத்துக்கும் புள்ளிகளைக் கொடுத்துவிட்டால் பேசியே பெரும்பாலான தூரத்தைக் கடந்துவிடலாம். முப்பது மணி நேரம் தர முடியாதவர்கள் 2014-இல் வந்த 80 டேஸ் விளையாட்டைக் கைபேசியில் தொடங்கலாம். ஜூல்ஸ் வெர்னின் உலகப் பயணக் கதையை எடுத்துக்கொண்டு, எஜமானரின் பணியாளராக நம்மை நிறுத்துகிறது அது. எந்த ஊர் வழியாகப் போவது, வழியில் யாரிடம் என்ன கேட்பது என்பதுதான் ஆட்டம். ஒரு பயணம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த முறை வேறு ஊர்கள், வேறு பக்கங்கள்.